வாடகை மெஷினா, சொந்த மெஷினா?

ஜெராக்ஸ் கடை திறக்கவிருக்கும் வாசகர், மேல்சித்தாமூர்

கே: மடத்துக்குப் பக்கத்தில் கடை பிடித்திருக்கிறேன். புதுப்பித்த செகண்ட் ஹேண்ட் ஜெராக்ஸ் மெஷின் ஒன்று வரியோடு 90,000 ரூபாய் சொல்கிறார்கள். அதே மெஷின் வாடகைக்கு என்றால் மாதம் 3,000 ரூபாய், 15,000 அட்வான்ஸ். டோனர், பார்ட்ஸ், மெக்கானிக் எல்லாம் அவர்கள் பொறுப்பு, மாதம் 6,000 பிரதி வரை. எனக்கும் மாதம் அவ்வளவுதான் ஓடும் என்று நினைக்கிறேன். "முப்பதே மாதத்தில் வாடகையே மெஷின் விலையைத் தொட்டுவிடும், வாடகை கட்டுகிறவன் ஏமாளி" என்கிறார் என் மச்சான். எது லாபம்?

ப: மச்சானுக்கு வகுத்தல் நன்றாக வருகிறது. கழித்தல்தான் வரவில்லை.

மூவாயிரம் வாடகைக்குள் டோனரும் டிரம்மும் மெக்கானிக்கும் அடக்கம். சொந்த மெஷின் வாங்கினால் இவை எல்லாம் உங்கள் பையிலிருந்து போகும். பிரதிக்கு 25 பைசா என்று வைத்துக்கொள்வோம், உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டு இதைத் திருத்திக்கொள்ளுங்கள். 6,000 பிரதிக்கு மாதம் 1,500 ரூபாய் ஆகிறது. பேப்பர், கரண்ட், கடை வாடகை மூன்றும் எந்த வழியில் போனாலும் ஒரே செலவுதான். அவற்றைக் கணக்குத் தாளில் எழுதவே வேண்டாம்.

வாடகைக்காரரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: 3,000 என்றது ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா? சேர்க்காமல் என்றால் 18 சதவீதம் கூட்டி மாதம் 3,540. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சின்னக் கடைக்கு அந்த 540 ரூபாய் திரும்பி வராது. சேர்க்காமல் என்றே வைத்தால், சொந்த மெஷின் உங்களுக்கு மாதாமாதம் மிச்சப்படுத்துவது 3,540 கழித்தல் 1,500, அதாவது 2,040 ரூபாய். 90,000 ரூபாயை மீட்க 44 மாதம் பிடிக்கும். மச்சான் சொன்ன முப்பது இல்லை.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. சொந்த மெஷினை விற்கலாம், வாடகை மெஷினை விற்றால் போலீஸ் வரும். விற்கும் விலையையும் உத்தேசமாகச் சேர்த்துப் பார்ப்போம். ஒரு வருடத்தில் விற்றால் 50,000, இரண்டு வருடத்தில் 35,000, மூன்றில் 25,000, ஐந்தாம் வருட முடிவில் 10,000 கிடைக்கும் என்று வைப்போம்.

ஒரே வருடத்தில் கடையை மூடினால், வாங்கிய வழியில் விலை இறங்கியது 40,000, ஓட்டும் செலவு 18,000, மொத்தம் 58,000. வாடகை வழியில் 42,480. வாடகைதான் பதினைந்தாயிரம் மலிவு. இரண்டு வருடம் ஓட்டினால் 91,000-க்கு எதிரே 84,960. இன்னும் வாடகைதான், ஆனால் ஆறாயிரம்தான் வித்தியாசம். மூன்று வருடம் என்றால் 1,19,000-க்கு எதிரே 1,27,440. இங்கே தராசு சாய்ந்துவிட்டது. ஐந்து வருடம் முழுக்க ஓடினால் 1,70,000-க்கு எதிரே 2,12,400. சொந்த மெஷின் 42,400 ரூபாய் லாபம்.

அதாவது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், ஏறக்குறைய இரண்டரை வருடத்தில் திருப்பம் இருக்கிறது. அதுவரை கடை ஓடுமா என்பது மெஷின் கம்பெனிக்குத் தெரியாது, மச்சானுக்கும் தெரியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அதே வாசகர்

கே: ஓடும் என்று நம்புகிறேன். பிறகென்ன, வாங்கிவிடலாம்தானே?

ப: கட்டடத்துக்கு எத்தனை மாத ஒப்பந்தம் போட்டீர்கள்? ஊர் வழக்கப்படி பதினொரு மாதம்தானே! கூரைக்குப் பதினொரு மாதம், அதன் கீழே நிற்கும் மெஷினுக்கு அறுபது மாதக் கணக்கா? கட்டட உரிமையாளரிடம் குறைந்தது மூன்று வருடம் எழுதி வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியவில்லை என்றால் முதல் வருடம் வாடகையில் ஓட்டிவிட்டு, மீட்டர் காட்டும் நிஜ எண்ணிக்கையை வைத்து மறுபடியும் கணக்குப் போடுங்கள். ஒரு வருடம் வாடகைக்கு எடுத்ததால் நீங்கள் இழப்பது அந்த வருடத்துக்கான மிச்சம் மட்டும். தவறான இடத்தில் மெஷின் வாங்கினால் இழப்பது அதைவிடப் பெரிது.

மெஷினின் ஆயுள் வேறு, தொழிலின் ஆயுள் வேறு. பட்டா, சிட்டாவை இப்போது ஆன்லைனிலேயே எடுக்கிறார்கள், சான்றிதழ்கள் போனுக்குள் போய்விட்டன. உங்கள் ஊரில் இன்று ஆறாயிரம் பிரதி ஓடுவது நாலு வருடம் கழித்தும் ஆறாயிரமாகவே இருக்குமா? டிரம் தேய்வதற்கு முன்னால் தேவை தேய்ந்துவிட்டால், "ஐந்து வருட ஆயுள்" என்று டீலர் சொன்னது காகிதத்தில் மட்டும்தான்.

எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன். மாதம் 2,000 பிரதிதான் ஓடியது என்றால் சொந்த மெஷினுக்கு 500 ரூபாய்தான் செலவு. வாடகை மெஷினுக்கு அப்போதும் 3,540 கட்டித்தான் ஆக வேண்டும். பள்ளி விடுமுறையானாலும் வாடகைக்கு விடுமுறை இல்லை. அப்போது மாத மிச்சம் 3,040 ஆகி, 30 மாதத்தில் விலை வந்துவிடும். மச்சானின் முப்பது இங்கே சரியாகிறது. தப்பான வழியில் சரியான விடைக்குப் பள்ளிக்கூடத்தில் மார்க் கிடைக்காது, இங்கேயும் கிடைக்காது. மாதம் இரண்டாயிரம் பிரதியில் கடை வாடகையே எழாது என்பது தனிக் கதை.

மச்சான், செஞ்சி

கே: என்னைப் பற்றி என் மைத்துனர் எழுதியதைக் கேள்விப்பட்டேன். பணம் நான் தருகிறேன், மெஷின் வாங்கட்டும். அப்போதும் வாடகைதான் என்பீர்களா?

ப: வட்டி எவ்வளவு என்று எழுதாமல் விட்டீர்களே! விஷயமே அதில்தான் இருக்கிறது.

வங்கியில் 12 சதவீதத்துக்கு மூன்று வருடக் கடன் என்றால் 90,000 ரூபாய்க்கு மாதத் தவணை ஏறக்குறைய 2,990. மொத்த வட்டி 17,600 ரூபாய். ஐந்து வருட லாபமான 42,400 இப்போது 25,000-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இரண்டரை வருடத் திருப்பம் மூன்றரை வருடத்துக்குத் தள்ளிப்போகிறது. முதல் மூன்று வருடம் தவணையும் ஓட்டும் செலவும் சேர்ந்து மாதம் 4,490 போகும். வாடகை வழியில் போவது 3,540. லாபம் பின்னால் வருகிறது, நெருக்கடி முன்னால் வருகிறது. புதுக்கடை மூச்சு வாங்குவதும் அந்த முன்பாதியில்தான்.

ஊர் வழக்கப்படி நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி என்றால், தொண்ணூறாயிரத்துக்கு மாதம் 2,700. அசல் அசையாது. ஓட்டும் செலவு 1,500 சேர்த்தால் 4,200. அந்தக் கடன் அடையும் நாள் வரை வாடகை மெஷின்தான் மலிவு, கணக்கே போட வேண்டாம்.

வட்டியே இல்லாமல் கைக்காசு போட்டாலும், அந்தக் காசு வங்கியில் இருந்திருந்தால் ஏதாவது சம்பாதித்திருக்கும். 7 சதவீதம் என்று வைத்தால், 42,400 லாபம் இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 25,000 ஆகிறது. வாடகைக்காரரிடம் வட்டியில்லாமல் தூங்கும் 15,000 அட்வான்ஸையும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன். லாபம் லாபம்தான், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவு இல்லை. நீங்கள் வட்டியில்லாமல் தருவதாக இருந்தால் மைத்துனர் கொடுத்துவைத்தவர். கடிதத்தை வெட்டி அவரிடம் காட்டுங்கள்.

கணக்குப்பிள்ளை ஒருவர், திண்டிவனம்

கே: வாடகை முழுதும் செலவாகக் காட்டலாம், மெஷின் விலையைத் தேய்மானமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே காட்ட முடியும்? வரி லாபத்தை விட்டுவிட்டீர்களே?

ப: விடவில்லை, வரி இருந்தால்தானே வரி லாபம்! சின்னக் கடைக்காரர்கள் பெரும்பாலும் உத்தேச வருமான முறையில் கணக்குக் காட்டுகிறார்கள். விற்றுமுதலில் 8 சதவீதம், வங்கி வழி வரவுக்கு 6 சதவீதம் வருமானம் என்று எடுத்துக்கொள்ளும் முறை அது. அதில் வாடகையையும் தனியாகக் கழிக்க முடியாது, தேய்மானத்தையும் கழிக்க முடியாது. இரண்டும் சமம். முழுக் கணக்கு எழுதி வரி கட்டும் கடை என்றால் நீங்கள் சொல்வது சரி, அங்கே வரிக்குப் பிந்தைய தொகையை வைத்து ஒப்பிட வேண்டும்.

ஆனால் ஒன்று. தேய்மானம் என்பது ஏட்டில் எழுதும் செலவு, கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுக்கும் செலவு இல்லை. வாங்கிய விலையையும் எழுதி, வருடாவருடம் தேய்மானத்தையும் எழுதினால் ஒரே பணத்தை இரண்டு முறை செலவழித்ததாகிவிடும். பல தாள்களில் இந்தத் தப்பைப் பார்க்கலாம்.

கல்லூரி மாணவி, செஞ்சி

கே: லாபமில்லை என்றால் மெஷின்காரர்கள் ஏன் வாடகைக்குத் தருகிறார்கள்?

ப: லாபம் இருக்கிறது, அதனால்தான். இந்தத் தொழிலே வாடகையில் பிறந்தது. 1959-இல் அமெரிக்காவில் வந்த ஜெராக்ஸ் 914 தான் சாதாரணத் தாளில் சுலபமாகப் பிரதி எடுத்துத் தந்த முதல் அலுவலக இயந்திரம். மேஜை அளவு பெரியது, விலையோ சாதாரண அலுவலகம் கனவிலும் வாங்க முடியாதது. கம்பெனி ஒரு வழி கண்டுபிடித்தது: மாதம் 95 டாலர் வாடகை, அதில் 2,000 பிரதி அடக்கம், அதற்கு மேல் ஒவ்வொரு பிரதிக்கும் சில சென்ட். பிடிக்காவிட்டால் 15 நாள் முன்னறிவிப்பில் திருப்பி அனுப்பிவிடலாம்.

மாதம் இரண்டாயிரம் எதற்கு என்றுதான் வாடிக்கையாளர்கள் நினைத்தார்கள். மெஷின் வந்த பிறகு நாளுக்கு இரண்டாயிரம் எடுத்தார்கள்! 95 டாலரில் கம்பெனி பெரிதாகச் சம்பாதிக்கவில்லை, மீட்டரில் சம்பாதித்தது.

உங்கள் ஊர் ஒப்பந்தமும் அதே அச்சுதான். ஆகவே மாத வாடகையை மட்டும் பார்க்காமல், 6,000-க்கு மேலே ஒவ்வொரு பிரதிக்கும் என்ன விலை என்று பாருங்கள். சொந்த மெஷினில் 25 பைசா ஆகும் இடத்தில் அவர்கள் 40 பைசா கேட்கலாம். ஏ3 தாள் ஒன்றை இரண்டு பிரதியாக எண்ணுவார்களா, தாள் சிக்கி வீணானதும் மீட்டரில் ஏறுமா, மெஷின் படுத்த நாட்களுக்கு வாடகை குறையுமா, எத்தனை மாதம் கட்டாயம், அட்வான்ஸில் எதற்கெல்லாம் பிடிப்பார்கள் என்பதெல்லாம் வாயால் சொன்னால் போதாது. அட்மிஷன் நேரத்தில் மெஷின் நாலு நாள் படுத்தால் ஒரு மாத வாடகையை விடப் பெரிய நஷ்டம்.

பெயர் வேண்டாம் என்ற வாசகர், வல்லம்

கே: செகண்ட் ஹேண்ட் மெஷின் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? "ஒரு லட்சம்தான் ஓடியிருக்கு" என்கிறார்கள்.

ப: மெஷினின் மெனுவிலேயே மீட்டர் ரிப்போர்ட் எடுக்கலாம். முதலில் அதைத் தாளில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஆனால் போர்டை மாற்றினால் மீட்டரும் மாறலாம், ஆகவே எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

கண்ணாடி மேல் எதுவும் எழுதாத வெள்ளைத் தாளை வைத்து, பத்துப் பதினைந்து பிரதி எடுங்கள். வெறும் வெள்ளையாக வர வேண்டும். ஒரு புள்ளியோ கீறலோ ஒவ்வொரு தாளிலும் சம இடைவெளி விட்டு மறுபடி மறுபடி வந்தால், சுற்றுகிற ஏதோ ஒன்றில் பழுது. பெரும்பாலும் டிரம். அடுத்து கறுப்பு நிறைய உள்ள ஒரு பக்கத்தை எடுத்து, வெளியே வந்த உடனே விரலால் அழுத்தித் தேயுங்கள். மை விரலில் ஒட்டினால் ஃபியூசர் சூடு சரியாக இல்லை. கடைசியாக ட்ரே நிறையத் தாள் வைத்து விடாமல் ஓட்டுங்கள். இரண்டு தாள் சேர்ந்து வந்தாலோ அடிக்கடி சிக்கினாலோ பிக்கப் ரோலர் வழுக்குகிறது. ரோலர் சின்னச் செலவு, டிரம்மும் ஃபியூசரும் பெரிய செலவு. அந்தச் செலவை 90,000-க்கு மேலே கூட்டி, கணக்கை முதலிலிருந்து போடுங்கள். முப்பது பிரதி ஓட்டிக் காட்ட மறுக்கும் டீலரிடம் வாங்கவே வேண்டாம்.

டீக்கடைக்காரர், மேல்மலையனூர்

கே: அமாவாசை ராத்திரி ஊஞ்சல் உற்சவத்துக்குக் கூட்டம் அலைமோதும். கரண்ட் போனால் வியாபாரம் போச்சு. ஜெனரேட்டர் வாடகை ஒரு ராத்திரிக்கு 1,200. சொந்தமாக வாங்கினால் 40,000. எது?

ப: உங்களுக்கு வருடத்தில் வேலை நாள் பன்னிரண்டு, சில வருடம் பதின்மூன்று. பெட்ரோல் இரண்டு வழியிலும் உங்கள் செலவுதான் என்று வைக்கிறேன். வருட வாடகை 14,400. சொந்த ஜெனரேட்டருக்கு ஆயில், பிளக், சர்வீஸ் என்று வருடம் 3,000 போகும். மிச்சம் 11,400. நாற்பதாயிரம் திரும்ப மூன்றரை வருடம்.

மாதத்தில் இருபத்தெட்டு நாள் சும்மா கிடக்கும் ஜெனரேட்டருக்கு உழைப்பால் வரும் தேய்மானத்தைவிடச் சும்மா இருப்பதால் வரும் கேடு அதிகம். பெட்ரோலை டேங்கிலேயே விட்டால் கார்புரேட்டரில் பிசினாகப் படிந்து, அமாவாசை அன்று கயிறு இழுத்து இழுத்துக் கை வலிக்கும். வாங்கினால் இடையில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும், அல்லது எரிபொருளை வடித்துவிட வேண்டும்.

வாடகையின் பலவீனம் வேறு இடத்தில். ஆடி அமாவாசைக்கும் மாசியில் மயானக் கொள்ளைக்கும் எல்லாரும் ஒரே நாளில் ஜெனரேட்டர் கேட்பார்கள். அன்றைக்கு 1,200 இருக்காது, சில சமயம் ஜெனரேட்டரே இருக்காது. வருட ஆரம்பத்திலேயே எல்லா அமாவாசைக்கும் விலை பேசி எழுதிக்கொள்ள முடிந்தால் வாடகை. முடியாது என்றால் பக்கத்துக் கடைக்காரரோடு சேர்ந்து ஒன்று வாங்குங்கள். ஆளுக்கு இருபதாயிரம், சர்வீஸும் பாதிப் பாதி. ஒன்றே முக்கால் வருடத்துக்குள் பணம் திரும்பிவிடும். சண்டை வராமல் இருந்தால்.

பெட்டிக்கடை அக்கா, செஞ்சி கோட்டை சாலை

கே: கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் வந்துவிட்டது, கூட்டம் வரும் என்கிறார்கள். கூல் டிரிங்க்ஸ் கம்பெனி ஃபிரிட்ஜை இலவசமாகத் தருகிறது. இதற்குமா கணக்கு?

ப: இதற்குத்தான் கணக்கு அக்கா. அந்த ஃபிரிட்ஜில் அவர்கள் பாட்டில் மட்டும்தான் வைக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தால், அதுதான் வாடகை. கரண்ட் பில் எப்படியும் உங்களுடையது. சொந்த ஃபிரிட்ஜ் 30,000 ரூபாய், எட்டு வருடம் உழைக்கும் என்றால் மாதம் 313 ரூபாய். ரிப்பேருக்கு 150 சேர்த்து 463. கோட்டை ஏறி இறங்கி வருகிறவர் மோரும் நன்னாரி சர்பத்தும் பன்னீர் சோடாவும் கேட்பார். அவற்றைக் குளிர வைத்து விற்பதால் மாதம் 463 ரூபாய்க்கு மேல் கூடுதல் லாபம் வருமென்றால் சொந்த ஃபிரிட்ஜ். நாளுக்குப் பதினாறு ரூபாய்தான்!

ஜெராக்ஸ் கடைக்காரர், மேல்மருவத்தூர்

கே: இரண்டு வருடத்துக்கு முன் 90,000 போட்டு வாங்கிய மெஷின். இப்போது டிரம், ஃபியூசர் மாற்ற 18,000 கேட்கிறார்கள். இப்படியே கொடுத்தால் 20,000 தருகிறேன், மாதம் 3,540-க்கு வாடகை மெஷின் வைக்கிறேன் என்கிறார் டீலர். போட்ட தொண்ணூறாயிரத்தை எப்படி விடுவது?

ப: அது போன வருடங்களோடு போய்விட்டது. வைத்துக்கொண்டாலும் திரும்பாது, விற்றாலும் திரும்பாது. இன்றிலிருந்து பாருங்கள். வைத்துக்கொள்வது என்றால் 18,000 செலவு, கையில் வரவிருந்த 20,000-ஐயும் விடுகிறீர்கள், ஆக 38,000. மாதம் 6,000 பிரதி என்றால் 2,040 மிச்சம். 19 மாதம் ஓடினால் ரிப்பேர் செய்தது சரி. பிரதிக் கணக்கில் 1,14,000.

மெக்கானிக்கிடம் "நல்லா ஓடுமா?" என்று கேட்காதீர்கள். "ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் ஓடுமா?" என்று கேளுங்கள். தயங்காமல் ஆமாம் என்றால் ரிப்பேர். தலையைச் சொறிந்தால் விற்றுவிடுங்கள்.

மீண்டும் மேல்சித்தாமூர் வாசகர்

கே: கட்டட உரிமையாளர் மூன்று வருடத்துக்கு எழுதித் தரச் சம்மதித்துவிட்டார். மச்சானும் வட்டி வேண்டாம் என்கிறார். இப்போது?

ப: வெள்ளைத் தாளோடு டீலரிடம் போங்கள். தாள் வெள்ளையாகவே திரும்பி வந்தால் வாங்குங்கள்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுதும்போது மெஷின் விலையும் வாடகையும் மட்டும் எழுதி "எது லாபம்?" என்று முடித்துவிடாதீர்கள். மாதம் எவ்வளவு ஓடும், பணம் எந்த வட்டிக்கு வருகிறது, கட்டட ஒப்பந்தம் எத்தனை மாதம் என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். அது இல்லாத கடிதங்களுக்குப் பதில் சொல்ல முடியாது.